ஷீட் பெயரில் ஒரு இடைவெளி, கணக்கில் ஐந்து லட்சம்

நாலு கிளை உள்ள ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கிளைக்கும் எக்செல் கோப்பில் ஒரு ஷீட். தாவல்களில் Erode, Karur, Tiruppur-2, Salem Main என்று பெயர்கள். ஒவ்வொரு ஷீட்டிலும் F40 செல்லில் அந்த மாதத்தின் மொத்த விற்பனை வந்து விழும். முதல் ஷீட்டில் கணக்காளர் இந்த நாலையும் கூட்டி முதலாளிக்குக் காட்டுவார். ஈரோடு 4,12,500 ரூபாய், கரூர் 2,86,300, திருப்பூர் இரண்டாம் கிளை 3,05,700, சேலம் 1,94,250. கூட்டினால் 11,98,750 வர வேண்டும். திரையில் வருவதோ 6,98,800. பிழைச்செய்தி இல்லை, சிவப்புக் குறி இல்லை. திருப்பூருக்கும் சேலத்துக்கும் நேராகப் பூஜ்யம் மட்டும் நிற்கிறது. கிட்டத்தட்ட ஐந்து லட்ச ரூபாய் கணக்கிலிருந்து காணாமல் போயிருக்கிறது.

கிளை ஷீட்டுகளைத் திறந்து பார்த்தால் தொகைகள் அப்படியே இருக்கும். கோளாறு அங்கே இல்லை. வராமல் போன இரண்டு பெயர்களையும் பாருங்கள். ஒன்றில் ஹைஃபன், இன்னொன்றில் இடைவெளி. இப்படிப்பட்ட பெயர்களை ஃபார்முலாவில் எழுதும்போது இரு பக்கமும் ஒற்றை மேற்கோள் குறி போட வேண்டும். அது விட்டுப்போனதுதான் காரணம்.

இன்னொரு ஷீட்டில் உள்ள செல்லை அழைக்க, ஷீட் பெயர், ஆச்சரியக்குறி, செல் முகவரி என்று வரிசையாக எழுதுகிறோம். பெயர் ஒரே சொல்லாக இருந்தால் வேறெதுவும் தேவையில்லை. இடையில் ஸ்பேஸோ ஹைஃபனோ வந்தால் மேற்கோள் வேண்டும்.

```
=Erode!F40
='Salem Main'!F40
='Tiruppur-2'!F40
```

ஏன் இந்தக் கெடுபிடி? ஃபார்முலாவுக்குள் ஹைஃபன் என்றால் எக்செலுக்குக் கழித்தல் குறி. `=Tiruppur-2!F40` என்று எழுதினால், Tiruppur என்ற ஏதோ ஒன்றிலிருந்து வேறொன்றைக் கழிக்கச் சொல்வதாகவே அது படிக்கும். இடைவெளிக்கும் ஒரு வேலை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. இரண்டு செல் வரிசைகளுக்கு நடுவே ஸ்பேஸ் விட்டால், அவை இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தை எடு என்று பொருள். வெற்று செல் ஒன்றில் `=B2:D2 C1:C5` என்று அடித்துப் பாருங்கள், C2-வில் உள்ளது வரும். அதனால் `=Salem Main!F40` என்று எழுதும்போது, Salem என்பது ஒன்று, Main என்ற ஷீட்டின் F40 மற்றொன்று, இரண்டும் சந்திக்கும் இடம் எது என்று எக்செல் தேடப் போகிறது. அப்படி ஒரு ஷீட்டே கிடையாது. மேற்கோள் குறிகள் இருந்தால்தான், உள்ளே இருப்பது முழுவதும் ஒரே பெயர், அதைக் கணக்குக் குறியாகப் பிரிக்காதே என்பது அதற்குப் புரியும்.

கையால் தவறாக அடித்தால் எக்செல் சில நேரம் ஃபார்முலாவில் சிக்கல் என்று தடுக்கும். சில நேரம் சம்பந்தமே இல்லாமல் ஒரு கோப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஜன்னல் திறக்கும். அதன் தலைப்பில் Update Values என்று இருந்தால், நீங்கள் எழுதிய ஷீட் பெயர் அதற்குக் கிடைக்கவில்லை, வேறு கோப்பில் இருக்குமோ என்று கேட்கிறது என்று பொருள். அங்கே ஏதாவது ஒரு கோப்பைக் காட்டிவிடாதீர்கள். Cancel கொடுத்து வெளியே வந்து பெயரைத் திருத்துங்கள். கூகுள் ஷீட்ஸிலும் இதே விதிதான். இடைவெளி உள்ள பெயரை மேற்கோள் இல்லாமல் அடித்தால் `#ERROR!` என்று வரும்.

இவ்வளவு எளிய விதி இத்தனை பேருக்குத் தெரியாமல் போனதற்கு எக்செல்தான் காரணம் என்பேன். செல்லில் சமக்குறி போட்டுவிட்டு, சேலம் ஷீட்டுக்குப் போய் F40-ஐ மவுஸால் கிளிக் செய்தால், மேற்கோளை அதுவே போட்டுக்கொள்ளும். Salem என்று இருந்த தாவலின் பெயரை Salem Main என்று மாற்றினாலும், அதைச் சுட்டும் ஃபார்முலாக்களில் பெயரை மாற்றி மேற்கோளையும் சேர்த்துவிடும். வருடக்கணக்கில் எக்செல் பயன்படுத்துகிறவர்கூட அந்தக் குறியைக் கையால் போட வேண்டிய நாளைச் சந்திக்காமலே இருந்திருக்கலாம்.

அந்த நாள் `INDIRECT` எழுதும்போது வருகிறது. நாலு கிளைக்கு நாலு ஃபார்முலா கிளிக் செய்து எழுதலாம். நாற்பது கிளை இருந்தால்? அதனால் A நிரலில் கிளைப் பெயர்களை அடித்துவிட்டு, அந்தப் பெயரை வைத்து முகவரியைக் கோத்துக்கொள்ளும்படி ஒரே ஃபார்முலாவை எழுதிக் கீழே இழுத்துவிடுவார்கள். நம் ஜவுளிக்கடைக் கோப்பில் இருந்தது இதுதான்:

```
=INDIRECT(A2&"!F40")
```

A2-வில் Erode என்று இருந்தால் `Erode!F40` என்ற எழுத்துத்தொடர் உருவாகும், தொகை வரும். கடைக்கு ஒரே சொல் பெயர் கொண்ட கிளைகள் மட்டும் இருந்தவரை இது பிசகாமல் ஓடியது. திருப்பூரில் இரண்டாம் கிளை திறந்த மாதம் `#REF!` வந்தது. `INDIRECT` படிப்பது நாம் கோத்துக் கொடுத்த எழுத்துகளை. எக்செல் அதற்குள் நுழைந்து மேற்கோள் சேர்க்காது. தாவலின் பெயரை மாற்றினாலும் A நிரலில் அடித்த பெயர் தானாக மாறாது. நேற்றுவரை ஓடியது இன்று நின்றுவிட்டது என்று சொல்கிறவர்களிடம், யாராவது தாவலின் பெயரை மாற்றினார்களா என்று முதலில் கேட்க வேண்டும்.

திருத்தம் இது:

```
=INDIRECT("'"&A2&"'!F40")
```

இங்கேதான் கண் ஏமாறும். முதலில் வருவது இரட்டை மேற்கோள், அதற்குள் ஒரு ஒற்றை மேற்கோள், மறுபடி இரட்டை மேற்கோள். அதாவது ஒற்றை மேற்கோள் என்ற ஒரே எழுத்தைத் தொடரின் முன்னால் ஒட்டுகிறோம். பிறகு A2-வில் உள்ள பெயர். அடுத்து, ஆச்சரியக்குறிக்கு முன்பாக மூடும் ஒற்றை மேற்கோள். A5-இல் Salem Main இருந்தால் கிடைப்பது `'Salem Main'!F40`. Erode போன்ற ஒற்றைச் சொல் பெயருக்கும் மேற்கோள் இருந்தால் கெடுதல் ஒன்றும் இல்லை. எனவே எந்தப் பெயருக்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் எல்லாவற்றுக்கும் போட்டுவிடுவதே நல்லது. Raja's என்பது போலப் பெயருக்குள்ளேயே ஒற்றை மேற்கோள் இருந்தால் மட்டும் அதை இரண்டாக அடிக்க வேண்டும்: `'Raja''s'!F40`.

சிலர் ஃபார்முலாவை விட்டுவிட்டு, A நிரலிலேயே `'Salem Main'` என்று மேற்கோளோடு அடித்துப் பார்ப்பார்கள். அது உதவாது. செல்லின் முதல் எழுத்தாக வரும் ஒற்றை மேற்கோளுக்கு எக்செலில் வேறு வேலை, இதை எழுத்தாகவே வைத்துக்கொள் என்று சொல்வது. அது மதிப்பில் சேராது. கடைசியில் இருக்கும் குறி மட்டும் மிஞ்சி `Salem Main'` என்று ஆகிவிடும்.

மாதப் பெயரில் ஷீட் வைப்பவர்களுக்கு இந்த முதல்குறியே கைகொடுக்கும். தாவலுக்கு Jan-24 என்று பெயர் வைக்கலாம். ஆனால் செல்லில் Jan-24 என்று அடித்தால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். தேதி என்பது அதற்குள் ஓர் எண்தான். 2024 ஜனவரி 1-க்கு 45292. மேற்கோள் சரியாகப் போட்டிருந்தாலும் `INDIRECT` ஓர் ஐந்து இலக்க எண்ணைப் பெயராகக் கொண்ட ஷீட்டைத் தேடும். அந்தச் செல்லில் `'Jan-24` என்று முன்னால் ஒரு குறி வைத்து அடித்தால் எழுத்தாகவே நிற்கும். நிதியாண்டுப் பெயர்களிலும் ஹைஃபன் தவிர்க்க முடியாமல் வந்துவிடுகிறது. சாய்கோட்டைத் தாவல் பெயரில் எக்செல் அனுமதிப்பதில்லை, அதனால் எல்லோரும் 2023-24 என்றே வைக்கிறார்கள். அதை `'2023-24'!F40` என்றுதான் எழுத வேண்டும்.

ஃபார்முலாவை வாட்ஸ்அப்பிலிருந்தோ வேர்ட் கோப்பிலிருந்தோ எடுத்து ஒட்டும்போது இன்னொரு வம்பு. வேர்ட் நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாக மாற்றிவிடும். கண்ணுக்கு அழகாக இருக்கும், எக்செல் அதை ஏற்காது. விசைப்பலகையில் Enter-க்குப் பக்கத்தில் உள்ள நேர்க்குறிதான் வேண்டும். சந்தேகம் வந்தால் ஒட்டிய குறிகளை அழித்துவிட்டுக் கையால் அடியுங்கள்.

எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ஃபார்முலா பட்டையில் `INDIRECT`-இன் அடைப்புக்குறிக்குள் இருக்கும் பகுதியை மட்டும் மவுஸால் தேர்ந்தெடுத்து F9 அழுத்துங்கள். கோத்து முடித்த முகவரி அப்படியே தெரியும். `"Tiruppur-2!F40"` என்று வந்தால் மேற்கோள் இல்லை. 45292 போல ஓர் எண் வந்தால் தேதித் தொல்லை. `"'Salem Main '!F40"` என்று வந்தால் A நிரலில் பெயருக்குப் பின்னால் யாரோ ஒரு ஸ்பேஸ் தட்டியிருக்கிறார்கள். பார்த்து முடித்ததும் Esc அழுத்தி வெளியேறுங்கள். Enter அழுத்தினால் ஃபார்முலா போய் அந்த எழுத்தே அங்கே தங்கிவிடும். இந்த வழியில் தெரியாத ஒன்றும் உண்டு. கடைசி ஸ்பேஸ் தாவலின் பெயரிலேயே இருந்தால், கோத்த முகவரி சரியாகத்தான் தோன்றும். அப்போது தாவலை இரட்டைக் கிளிக் செய்து, பெயரின் கடைசியில் கர்சர் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

மேற்கோளே வேண்டாம் என்பவர்கள் Salem_Main என்று அடிக்கோடு போட்டுப் பெயர் வைக்கலாம். புதிதாகத் தொடங்கும் கோப்புக்கு அது நல்ல பழக்கம். பலரும் பயன்படுத்தும் பழைய கோப்பில் எல்லாத் தாவலின் பெயரையும் மாற்றக் கிளம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே ஃபார்முலாவைத் திருத்துவதுதான் பாதுகாப்பு.

ஆனால் அந்த `#REF!` முதலாளியின் கண்ணில் ஏன் படவில்லை? பட்டியலில் ஒரு செல்லில் பிழை இருந்தாலும் `SUM` பிழையைத்தான் காட்டும். திருப்பூர்க் கிளை சேர்ந்த மாதம் மொத்தத்திலும் `#REF!` வந்திருக்கும். அது அசிங்கமாக இருக்கிறது என்று யாரோ இப்படி மாற்றினார்கள்:

```
=IFERROR(INDIRECT(A2&"!F40"),0)
```

பிழை வந்தால் பூஜ்யம் காட்டு என்று இதற்குப் பொருள். அதன் பிறகு சேலம் கிளை சேர்ந்தபோது யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மேற்கோள் விட்டுப்போனது சின்னத் தவறு, அதை எக்செல் உரக்கச் சொல்லவும் செய்தது. அதன் வாயை அடைத்ததுதான் பெரிய தவறு. பணம் சம்பந்தப்பட்ட மொத்தக் கணக்கில் `IFERROR` போட்டுப் பூஜ்யம் காட்டக் கூடாது. கட்டாயம் ஏதாவது காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், பூஜ்யத்துக்குப் பதிலாக "ஷீட் இல்லை" என்று எழுத்தில் காட்டட்டும். `SUM` எழுத்தைக் கூட்டாமல் தாண்டிப்போகும் என்றாலும், வரிசையில் பார்க்கிறவர் கண்ணிலாவது அது படும்.

உங்கள் கடையிலோ அலுவலகத்திலோ பல ஷீட்டுகளைக் கூட்டும் கோப்பு ஒன்று இருந்தால், அதை ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் `IFERROR`-களை நீக்கிவிட்டுப் பாருங்கள். `#REF!` ஒன்றுகூட வரவில்லை என்றால் நல்லது. வந்தால், அந்த வரிசையின் பெயரில் இடைவெளியோ ஹைஃபனோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது எந்த மாதத்திலிருந்து பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது என்பதையும் தேடி, அந்த மாதங்களின் மொத்தத்தைத் திருத்திவிடுங்கள்.