பீப்பாயின் முதுகில் ஓடும் தையல்

ஒரு கணினி விளையாட்டில் துறைமுகக் காட்சி. கரை நெடுக மரப்பீப்பாய்கள் அடுக்கியிருக்கின்றன. காலடியில் கிடக்கும் பீப்பாய் திரையில் பாதியை அடைத்துக்கொள்ளும். தூரத்தில் கப்பலோரம் நிற்பதோ பத்துப் பன்னிரண்டு பிக்சலுக்குள் அடங்கிவிடும். இரண்டையும் ஆயிரம் முக்கோணங்களால் வரைவது வீண் வேலை. அதனால் ஒரே பீப்பாய்க்கு மூன்று நான்கு வடிவங்களைத் தயாராக வைத்துக்கொண்டு, தூரம் கூடக்கூட எளிய வடிவத்துக்கு மாறுகிறார்கள். ஜேம்ஸ் கிளார்க் 1976இலேயே எழுதிவைத்த யோசனை இது. இந்த வடிவங்களை எல்ஓடி என்கிறார்கள்.

முன்பெல்லாம் இவற்றைக் கலைஞர்கள் கையால் செதுக்கினார்கள். இன்று பெரும்பாலும் நிரலே குறைத்துக் கொடுக்கிறது. அதற்கு அடித்தளமாக இருப்பது, கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கார்லண்டும் பால் ஹெக்பர்ட்டும் 1997இல் வெளியிட்ட முறை. அதன் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. ஆனால் அந்த எளிமைக்குள் ஒரு குருட்டுப் புள்ளியும் உண்டு. அந்த முறைக்கு வடிவம் தெரியும், வடிவத்தின் மேல் ஒட்டியிருக்கும் படம் தெரியாது.

முதலில் முறையைப் பார்ப்போம். முக்கோணங்களைக் குறைக்க, ஏதாவது ஒரு விளிம்பின் இரண்டு முனைகளையும் ஒரே முனையாக்கிவிடுகிறோம். அந்த விளிம்பை ஒட்டியிருந்த இரண்டு முக்கோணங்கள் காணாமல் போகும். எந்த விளிம்பை முதலில் எடுப்பது என்பதுதான் கேள்வி. கார்லண்டும் ஹெக்பர்ட்டும் ஒவ்வொரு முனைக்கும் ஒரு கணக்குச் சீட்டு கொடுத்தார்கள். அந்த முனையைத் தொடும் முக்கோணங்கள் எந்தெந்தத் தளங்களில் கிடக்கின்றனவோ, அந்தத் தளங்கள் எல்லாம் அதில் பதிவாகும். முனையை வேறோர் இடத்துக்கு நகர்த்தினால், புதிய இடத்திலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் உள்ள தூரத்தை வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும். அதுதான் பிழை. எத்தனை தளங்கள் இருந்தாலும் இந்தச் சீட்டு பத்தே எண்களில் அடங்கிவிடுகிறது. இரண்டு முனைகள் ஒன்றானால் இரண்டு சீட்டுகளையும் எண்ணுக்கு எண் கூட்டினால் போதும்.

ஒரு கனசதுரத்தின் மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மூன்று தளங்கள் சந்திக்கின்றன. மூலையை ஒரு விளிம்பின் வழியாக 0.1 அளவு நகர்த்தினால் இரண்டு தளங்களிலிருந்து தூரம் சுழி, மூன்றாவதிலிருந்து 0.1. பிழை 0.01. விளிம்பின் நடுவில் இருக்கும் முனைக்கு இரண்டே தளங்கள். விளிம்போடு நகர்ந்தால் செலவே இல்லை. முகத்தின் நடுவில் இருப்பதற்கு ஒரே தளம். முகத்துக்குள் எங்கே போனாலும் பிழை சுழிதான். ஆகவே பிழை குறைந்த விளிம்புகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டே போனால், சமதளத்து முனைகள் முதலில் மறையும், விளிம்பு முனைகள் அடுத்து மறையும், மூலைகள் கடைசிவரை நிற்கும். மூலை எது, முகம் எது என்று யாரும் நிரலுக்குச் சொல்லித்தரவில்லை.

இப்போது பீப்பாய்க்கு வருவோம். சுற்றிலும் 32 பட்டைகள், மேலிருந்து கீழாக 16 வரிசைகள் கொண்ட பீப்பாய் என்று வைத்துக்கொள்வோம். பக்கச் சுவரில் 1024 முக்கோணங்கள். மேல்மூடிக்கும் அடிமூடிக்கும் தலா 30. மொத்தம் 1084. இதன் மேல் மரப்பலகைப் படம் ஒட்ட வேண்டும். படமோ தட்டையானது, பீப்பாயோ வளைந்தது. ஒரு சட்டையைத் தையல் பிரித்து மேசைமேல் விரிப்பதுபோல, பீப்பாயின் தோலை எங்கோ ஓரிடத்தில் வெட்டி விரிக்கிறார்கள். விரித்த தோலில் ஒவ்வொரு முனைக்கும் கிடக்கிற இடமே அதன் யூவி ஆயம். யூ என்பது குறுக்குவாட்டில், வி என்பது நெடுக்குவாட்டில். வெட்டிய கோடுதான் தையல். பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு தையல் ஓடும், இரண்டு மூடிகளின் வட்ட விளிம்பும் தையலாகும்.

தையல் மேல் இருக்கும் முனைக்கு ஒரே இடம், ஆனால் இரண்டு யூவி. இடப்பக்கத்து முக்கோணங்களுக்கு யூ மதிப்பு 1, வலப்பக்கத்தவற்றுக்கு 0. வரைகலை அட்டைக்கு ஒரு முனையில் இரண்டு மதிப்பு வைக்கத் தெரியாது, ஆகவே அந்த முனை இரண்டு பிரதிகளாகச் சேமிக்கப்படும். நம் பீப்பாயில் உண்மையான இடங்கள் 544, சேமிக்கப்படும் முனைகள் 625. வடிவத்தைப் பொறுத்தவரை அந்தத் தையல் கோடு மற்ற 31 கோடுகளிலிருந்து எந்த விதத்திலும் வேறுபட்டதல்ல. பிழைக் கணக்கு அதைக் காணவே காணாது.

காணாததால் விளைவது என்ன? நிரல் முனைகளின் பிரதிகளைத் தனித்தனி முனைகளாகவே எடுத்துக்கொண்டால், தையலின் இரு கரைகளும் திறந்த ஓரங்களாகத் தோன்றும். இடக்கரை ஒரு முனையை எடுத்துவிடும், வலக்கரை வேறொன்றை எடுக்கும். பீப்பாயில் கீறல் விழுந்து அதன் வழியே பின்னால் உள்ள கடல் தெரியும். இதைத் தவிர்க்க ஒரே இடத்தில் இருக்கும் பிரதிகளை ஒட்டிவிட்டால் வேறு கேடு வருகிறது. கடைசிப் பட்டையில் யூ 0.969இலிருந்து 1 வரை போக வேண்டும். ஒட்டியபின் 1 இருந்த இடத்தில் 0 நிற்கும். 0.969இலிருந்து 0 வரை, அதாவது ஏறக்குறைய முழுப் படமும், திசை மாறி அந்த ஒரே பட்டைக்குள் நசுங்கிக் கிடக்கும். இந்த அலங்கோலத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

சரி, தையல் முனைகளைத் தொடவே வேண்டாம் என்று பூட்டிவிட்டால்? படம் பத்திரமாக இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். விரித்த பக்கச் சுவரின் ஓரத்தில் மேலே 32, கீழே 32, இரு பக்கமும் தலா 16, ஆக 96 விளிம்புகள். உள்ளே ஒரு முனைகூட இல்லாவிட்டாலும் அந்தத் துண்டை நிரப்ப 94 முக்கோணங்கள் வேண்டும். மூடிகளுக்கு 60. மொத்தம் 154. தூரத்துப் பீப்பாய்க்கு நாம் கேட்பது 128. எவ்வளவு நேரம் ஓடினாலும் நிரல் அங்கே போய்ச் சேராது.

சரியான வழி, தையலை விதியாக ஏற்றுக்கொண்டு அதன் நெடுகிலும் குறைப்பது. முதல் வேலை, கணக்குச் சீட்டை முனைக்கு ஒன்றாக வைக்காமல் இடத்துக்கு ஒன்றாக வைப்பது. இரு பிரதிகளுக்கும் பொதுவான ஒரே சீட்டு. அதன்பின் ஒவ்வொரு முனையும் எந்த இனம் என்று பார்க்கிறோம். உள்முனை எங்கும் போகலாம், தையல் மேலும் போய்ச் சேரலாம். தையல் முனை உள்ளே வரக் கூடாது; தையல் விளிம்பு வழியாக அடுத்த தையல் முனைக்கு மட்டுமே போகலாம். போகும்போது இடப்பிரதி அடுத்ததன் இடப்பிரதியோடும், வலப்பிரதி வலப்பிரதியோடும் ஒரே நேரத்தில் சேர வேண்டும். இரு முனையும் தையல் மேல் இருந்தாலே போதாது, நடுவில் இருக்கும் விளிம்பும் தையலாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெல்லிய துண்டின் இரு ஓரங்கள் ஒட்டிக்கொள்ளும். தையல்கள் சந்திக்கும் இடம் மட்டும் பூட்டப்படும். நம் பீப்பாயில் நெடுக்குத் தையல் மூடியைத் தொடும் முனைக்கு மூன்று பிரதிகள், பக்கச் சுவருக்கு இரண்டும் மூடிக்கு ஒன்றும். அது நகராது. அர்செனி கபூல்கின் எழுதிய meshoptimizer என்ற திறந்த மூல நூலகம் முனைகளை இப்படித்தான் இனம் பிரித்துக் குறைக்கிறது.

இந்த நூலகம் புதிய இடம் தேடாமல் ஒரு முனையை இன்னொரு முனையின் இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதனால் புதிய யூவி கணக்கிட வேண்டிய தேவையே எழுவதில்லை. 1997இன் மூல முறையோ பிழை மிகக் குறைவான புதிய இடத்தைக் கண்டுபிடிக்கும். வடிவம் அதில் கொஞ்சம் நன்றாக வரும், ஆனால் தையலின் இரு கரைகளிலும் யூவியை ஒரே விகிதத்தில் நகர்த்தும் பொறுப்பு கூடுகிறது. படம் ஒட்டிய பொருள்களுக்கு நான் முதல் வழியையே விரும்புவேன்.

கார்லண்டும் ஹெக்பர்ட்டும் 1998இலும், ஹியூஸ் ஹோப் 1999இலும் யூவியைப் பிழைக் கணக்குக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். பலகைக் கோடுகள் நெளியாமல் இருக்க அது உதவுகிறது. ஆனாலும் தையலில் யூ மதிப்பு 1இலிருந்து 0க்குத் தாவுகிறதே, அந்தத் தாவலை எந்தச் செலவுக் கணக்காலும் மென்மையாக்க முடியாது. அங்கே விதிதான் வேண்டும்.

விதியை மதித்தாலும் ஒரு நுட்பமான சிக்கல் மிச்சமிருக்கிறது. பக்கச் சுவரின் நெடுக்குத் தையல் விரித்த படத்தில் நேர்கோடு. அதில் முனைகளை எடுத்தால் படத்தின் ஓரம் அசையாது. மூடியின் விளிம்போ படத்தில் வட்டம். 32 முனைகளை 8 ஆக்கினால் வட்டத்துக்குள் ஓர் எண்கோணம் நிற்கும். மூடியின் ஓரத்தில் தீட்டிய இரும்பு வளையம் எட்டு இடங்களில் வெட்டுப்படும், ஆனால் படத்துக்கு வெளியே போகாது. விரித்த துண்டு உட்குழிவாக இருந்தால் நிலைமை தலைகீழ். புதிய நேர்விளிம்பு துண்டைத் தாண்டிப் பக்கத்துத் துண்டின் சாயத்தையோ வெற்று நிறத்தையோ இழுத்துவரும். இதற்காகத்தான் படத்துண்டுகளைச் சுற்றிச் சில பிக்சல் அகலத்துக்குச் சாயத்தை நீட்டிவிடுகிறார்கள். அதையும் முழுதாக நம்ப முடியாது. தூரத்துப் பொருளுக்குப் படமும் சிறிதாக்கப்பட்டே ஒட்டப்படும். நான்கு பிக்சல் ஓரம், படம் இருமுறை பாதியானால் ஒரு பிக்சல்தான்.

அந்த எண்கோண மூடியை எந்தத் தூரத்திலிருந்து காட்டலாம்? மூடியின் ஆரம் 30 சென்டிமீட்டர் என்றால், வட்டத்துக்கும் எண்கோணத்துக்கும் அதிகபட்ச இடைவெளி ஆரத்தில் 7.6 விழுக்காடு, அதாவது 2.3 சென்டிமீட்டர். 1080 வரித் திரையில், செங்குத்துப் பார்வைக் கோணம் 60 பாகையாக இருக்கும்போது, இந்த இடைவெளி ஒரு பிக்சலாகச் சுருங்குவது சுமார் 21 மீட்டரில். பதினாறு முனை மூடியானால் ஐந்தரை மீட்டரிலேயே மாறிவிடலாம். முக்கோண எண்ணிக்கையைப் பாதி, கால் என்று குத்துமதிப்பாகக் குறைப்பதைவிட, நிரல் திருப்பித் தரும் பிழையளவைக் கொண்டு இப்படித் தூரத்தை முடிவு செய்வதே சரி.

விளைவைச் சோதிக்க மரப்படம் உதவாது, மரத்தின் ரேகைகள் குற்றத்தை மறைத்துவிடும். எண்கள் எழுதிய சதுரக்கட்டப் படத்தை ஒட்டி, ஒவ்வொரு எல்ஓடியையும் மாற்றிமாற்றிப் பாருங்கள். கட்டங்கள் வழுக்கினால் யூவி கெட்டிருக்கிறது. கண்ணாடியில் பார்ப்பதுபோல் எண்கள் இடவலமாகப் புரண்டிருந்தால் விரித்த படத்தில் ஏதோ ஒரு முக்கோணம் குப்புற விழுந்திருக்கிறது. முப்பரிமாணத்தில் முக்கோணம் புரள்கிறதா என்று பார்ப்பதைப் போலவே படத்திலும் பார்க்க வேண்டும் என்பதை எழுதுபவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நூற்றுக்கணக்கான புகைப்படங்களிலிருந்து உருவாக்கிய சிலை, பாறை போன்றவற்றில் இந்த முறை திணறும். அவற்றைத் தானியங்கியாக விரிக்கும்போது தோல் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகச் சிதறிவிடுகிறது. தையல்கள் சந்திக்கும் பூட்டிய முனைகளே எங்கும் நிறைந்திருக்கும். 10,000 முக்கோணம் கேட்டால் 60,000இல் நிரல் நின்றுவிடலாம். அப்போது பிழை வரம்பை உயர்த்திப் பயனில்லை, தடை பிழையில் இல்லை. தையல்களை மறந்து வடிவத்தை மட்டும் குறைத்து, குறைத்த வடிவத்துக்குப் புதிதாக, குறைந்த துண்டுகளோடு யூவி விரித்து, மூலத்தின் நிறங்களை அந்தப் புதிய படத்துக்கு மாற்றி எழுத வேண்டும். அந்த எல்ஓடிக்குத் தனிப் படம் தேவைப்படும், நினைவகம் கூடுதலாகச் செலவாகும். மிகத் தொலைவு வடிவத்துக்கு 256 பிக்சல் படமே போதும் என்பதால் அந்தச் செலவு தாங்கக்கூடியதுதான்.