மல்லிக்கு ஒரு டப்பா, கறிவேப்பிலைக்கு ஒரு டப்பா

கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் ஒரே கடையில் வாங்கப்பட்டு ஒரே பையில் வீட்டுக்கு வருகின்றன. பல வீடுகளில் அதே பையோடு ஃப்ரிட்ஜுக்குள்ளும் போகின்றன. மூன்றாம் நாள் பையைத் திறந்தால் மல்லி கொழகொழத்துக் கிடக்கும். கறிவேப்பிலை காம்பை விட்டு உதிர்ந்து, அங்கங்கே கறுத்திருக்கும். இரண்டையும் ஒரு வாரம் வைத்திருக்க முடியும். ஆனால் இரண்டும் கெடும் விதம் வேறு என்பதால், வைக்கும் விதத்திலும் சிறிது மாற்றம் வேண்டும்.

மல்லி, விதைத்த நாற்பது நாள் வாக்கில் பிடுங்கப்படும் இளஞ்செடி. அதன் தண்டு முழுவதும் நீர்; இலையின் மேல்தோல் மிக மெல்லியது. பிடுங்கிய பிறகும் அது சுவாசித்துக்கொண்டுதான் இருக்கும். இலை சுவாசிக்கும்போது சிறிது வெப்பமும் ஈரமும் வெளியேறும். ரப்பர் பேண்டோ வாழைநாரோ போட்டு இறுக்கிய கட்டின் நடுவில் அந்த வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் போக வழியில்லை. அதனால்தான் மல்லிக்கட்டு வெளிப்பக்கம் பச்சையாகத் தெரிந்தாலும் கட்டுப்போட்ட இடத்தில், உள்ளுக்குள், முதலில் அழுகுகிறது. கறிவேப்பிலை மரத்தின் இலை. அதன் தோல் தடித்தது, மெழுகு பூசியது போன்றது. நீரை எளிதில் இழக்காது. அதன் பலவீனம் காம்பு சேரும் இடத்தில் இருக்கிறது. பழுக்கும் பழங்களிலிருந்து வரும் எத்திலீன் வாயு பட்டால் அந்த இணைப்பு தளர்ந்து இலைகள் பச்சையாகவே உதிர்ந்துவிடும். மேலே நீர்த்துளி நாள்கணக்கில் நின்றால் அந்த இடம் கறுக்கும்.

இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: இலையின் மேல் நீர் நிற்கக் கூடாது, இலையைச் சுற்றியுள்ள காற்று ஈரமாக இருக்க வேண்டும். இலைமேல் நீர் நின்றால் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். காற்று வறண்டால் இலை வாடும். வெறுமனே ஃப்ரிட்ஜ் தட்டில் போட்ட மல்லி ஒரே இரவில் துவள்வது வறட்சியால்; பாலித்தீன் பையில் முடிச்சுப் போட்டு வைத்த மல்லி அழுகுவது ஈரத்தால். மூடிய டப்பாவும் அதற்குள் ஒரு பருத்தித் துணியும் இந்த இரண்டு தொல்லைகளையும் ஒன்றாகத் தீர்க்கின்றன. டப்பா காற்றின் ஈரத்தை வெளியே விடாது. துணி, துளியாகத் திரளும் நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை காலை சந்தையில் ஒரு கட்டு மல்லியும், இரண்டு கைப்பிடி கறிவேப்பிலையும் வாங்கியதாக வைத்துக்கொள்ளலாம். கடைக்காரர் வாடாமல் இருப்பதற்காக மல்லியின்மேல் அவ்வப்போது தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார். கடைக்கு அது நல்லது, வீட்டுக்கு அது கேடு. எனவே வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை கட்டைப் பிரிப்பது. மஞ்சளானவை, நசுங்கியவை, கறுத்து நீர்கோத்தவை ஆகியவற்றைக் கீரை ஆய்வதுபோல் பொறுமையாக எடுத்துவிட வேண்டும். அழுகிய ஒரு தண்டு பக்கத்தில் உள்ளதையும் கெடுக்கும் என்பதால் இந்த இடத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. நசுங்கியிருந்தாலும் வாசம் மாறாத இலைகளை அன்றைக்கே துவையலுக்கோ சட்னிக்கோ பயன்படுத்திவிடலாம்.

அடுத்து வேர். மண்ணோடு வரும் வேரில்தான் அழுகல் கிருமிகள் அதிகம். டப்பாவில் வைப்பதாக இருந்தால் வேரை வெட்டிவிட வேண்டும். வெட்டிய வேரை நன்றாகக் கழுவி, தட்டி, ரசத்தில் போட்டால் இலையைவிட ஆழமான மணம் கிடைக்கும். அதைக் குப்பையில் போடுவது நஷ்டம். பிறகு மல்லியைக் கழுவாமல், ஒரு பருத்தித் துண்டின்மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி, நிழலில் மின்விசிறிக்குக் கீழே அரைமணி நேரம் விட வேண்டும். கையால் தொட்டால் ஈரம் ஒட்டக் கூடாது, அதே சமயம் இலை துவண்டும் போயிருக்கக் கூடாது. அந்தப் பதம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். மணிக்கணக்கில் விட்டால் மல்லி வாடிவிடும்.

டப்பா சற்றுப் பெரிதாக இருப்பது நல்லது. அடியில் காய்ந்த பருத்தித் துணியை மடித்துப் போட்டு, மல்லியை அமுக்காமல் தளர்வாகப் படுக்கவைத்து, மேலே இன்னொரு துணியைப் போர்த்தி மூட வேண்டும். மேல்துணியை யாரும் தவிர்க்கக் கூடாது. ஃப்ரிட்ஜுக்குள் மூடி குளிர்ந்ததும் அதன் உட்பக்கம் நீர் முத்துமுத்தாகத் திரளும். எவர்சில்வர் டப்பாவில் இது இன்னும் அதிகம். துணி இல்லையென்றால் அந்த நீர் நேரே இலையில் சொட்டும். பழைய வேட்டியைக் கிழித்த துண்டு இதற்கு மிகப் பொருத்தம். டிஷ்யூ பேப்பரும் சரிவரும். செய்தித்தாள் வேண்டாம். அச்சு மையில் உடலுக்கு ஒவ்வாத பொருள்கள் இருப்பதால், உணவை அதில் பொட்டலம் கட்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருக்கிறது. ஈரம் பட்டால் மை இன்னும் எளிதாக இலையில் இறங்கும்.

கறிவேப்பிலைக்கும் இதே உலர்த்தல்தான், ஆனால் நேரம் குறித்த பயம் தேவையில்லை. ஒரு மணி நேரம் விசிறிக்கடியில் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. தடித்த குச்சிகளை நீக்கிவிட்டு, இணுக்கு இணுக்காகவோ இலையாக உருவியோ வைக்கலாம். ஒரு வாரத்துக்கு இரண்டும் தாங்கும். உருவி வைப்பதில் ஒரு கூடுதல் வசதி உண்டு: கறுத்த இலை இருந்தால் உடனே கண்ணில் படும், தாளிக்கும் அவசரத்தில் கைக்கும் எளிது. கறிவேப்பிலையைக் கழுவித்தான் வைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள், கழுவிய பின் துணியால் ஒற்றி, ஈரம் துளியும் இல்லாமல் காயவிட்ட பிறகே டப்பாவில் போட வேண்டும். கழுவும் வேலையைப் பயன்படுத்தும் நேரத்துக்குத் தள்ளிவைப்பதே பாதுகாப்பான வழி. கடைக் கறிவேப்பிலையில் தூசியும் மருந்தும் படிந்திருக்கக்கூடும் என்பதால் எப்படியும் சமைக்குமுன் கழுவியாக வேண்டும்.

ஃப்ரிட்ஜில் எந்த இடம் என்பதும் முக்கியம். ஃப்ரீஸருக்குக் கீழே உள்ள தட்டும், பின்சுவரை ஒட்டிய இடமும் மிகவும் குளிர்ந்தவை. அங்கே வைத்தால் இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து செல்கள் உடையும். எடுத்து வெளியே வைத்ததும் இலை கண்ணாடிபோல் தெரிந்து, கரும்பச்சையாகி, தொங்கிவிடும். இது அழுகல் இல்லை, உறைந்ததன் விளைவு. கீழே உள்ள காய்கறிப் பெட்டிதான் சரியான இடம். ஆனால் அதே பெட்டியில் ஆப்பிள், மாம்பழம், பழுத்த தக்காளி இருக்கக் கூடாது. எத்திலீன் மல்லியை மஞ்சளாக்கும், கறிவேப்பிலையை உதிர்க்கும். பழங்களுக்கு வேறு தட்டு ஒதுக்க இடமில்லாத சிறிய ஃப்ரிட்ஜில் இலை டப்பாக்களைக் கதவுப் பக்கம் மாற்றிவிடலாம்.

அடுத்து வரும் நாள்களில் பலர் செய்யும் பிழை டப்பாவை வெளியே வைத்துவிடுவது. சமையல் முடியும்வரை திறந்த டப்பா அடுப்பு மேடையில் இருந்தால், சமையலறையின் சூடான ஈரக்காற்று குளிர்ந்த இலைகளில் பட்டு நீராகப் படியும். திரும்ப மூடி உள்ளே வைக்கும்போது ஈர மல்லியைத்தான் வைக்கிறோம். காய்ந்த கையால் வேண்டியதை எடுத்து உடனே மூடி உள்ளே வைப்பது ஒன்றே இதற்கு மாற்று. நெடுநேரம் மின்சாரம் போய் வந்த நாளிலும் டப்பாவைத் திறந்து துணியைத் தொட்டுப்பார்க்க வேண்டும். இல்லாவிட்டாலும் புதன்கிழமை ஒரு முறை துணியை மாற்றி, மஞ்சளான ஓரிரு தண்டுகளை எடுத்துவிட்டால் மல்லி சனிக்கிழமைவரை நிற்கும். அதற்குள் வாசம் கொஞ்சம் குறைந்திருக்கும். மல்லியின் மணப்பொருள்கள் எளிதில் ஆவியாகிவிடுபவை. ஆகவே வாரத்தின் முற்பாதியில் மேலே தூவும் உணவுகளுக்கும், பிற்பாதியில் சட்னி, புதுமல்லி சாதம் போன்று நிறையப் போடும் உணவுகளுக்கும் பயன்படுத்துவது நல்லது. கறிவேப்பிலை இதே பராமரிப்பில் இன்னும் சில நாள் கூடுதலாகவே இருக்கும்.

வேரோடு நல்ல மல்லி கிடைத்து, ஃப்ரிட்ஜில் உயரமான இடமும் இருந்தால் வேறொரு முறையும் உண்டு. ஒரு டம்ளரில் இரண்டு அங்குலம் தண்ணீர் ஊற்றி, வேரைக் கழுவி, தண்டு மட்டும் மூழ்கும்படி நிறுத்தி, இலைகளின்மேல் ஒரு பையைத் தளர்வாகக் கவிழ்க்க வேண்டும். தண்ணீருக்குள் ஒரு இலைகூட இருக்கக் கூடாது. இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீரை மாற்ற வேண்டும். தண்ணீர் கலங்கி நாற்றம் வந்தால் தண்டின் அடி அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். இந்த முறை கறிவேப்பிலைக்கு ஒத்துவராது, அதன் கட்டைக்குச்சி அவ்வளவாக நீரை உறிஞ்சாது.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானை கைகொடுக்கும். பானையின் வெளிப்புறத்தில் ஈரத்துணி சுற்றி, உள்ளே உலர்ந்த துணியில் தளர்வாகச் சுற்றிய மல்லியை வைத்து, காற்றோட்டமான நிழலில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். துணியின் ஈரம் ஆவியாகும்போது பானை குளிர்வதுதான் இதன் அடிப்படை. எனவே மதுரை, திருச்சி போன்ற உள்மாவட்டங்களின் வறண்ட கோடையில் இது நன்றாக வேலை செய்யும். காற்றே ஈரமாக இருக்கும் கடலோர ஊர்களில் பலன் குறைவு.

வாடிய மல்லியைப் பார்த்ததும் தூக்கிப் போட வேண்டியதில்லை. தண்டின் நுனியைச் சிறிது வெட்டி, குளிர்ந்த நீரில் அரைமணி நேரம் நிறுத்தினால் நீர் இழந்து துவண்டது நிமிர்ந்துவிடும். மஞ்சளாவது முதுமை, உடலுக்குக் கேடில்லை, மணம் இருக்காது. கொழகொழப்பும் புளித்த நாற்றமும் வந்தால் அது அழுகல், கழுவி மீட்க முடியாது. கறிவேப்பிலை காய்ந்து நொறுங்கினால் பொடிக்கு ஆகும்; ஈரமான கரும்புள்ளியோ பூஞ்சையோ தெரிந்தால் ஆகாது.

ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வரும் மல்லி வயலிலேயே நனைந்து, சேறு தெறித்து, தண்டு நைந்து வருவது. எவ்வளவு கவனமாக உலர்த்தினாலும் அது மூன்று நான்கு நாளுக்குமேல் நிற்பது அரிது. அந்த மாதங்களில் பாதிக் கட்டாக வாங்குவதே நல்லது. மிஞ்சியதைப் பொடியாக நறுக்கி ஐஸ் தட்டில் நீர் ஊற்றி உறையவைத்தால் குழம்புக்கும் ரசத்துக்கும் உதவும், மேலே தூவ உதவாது. கறிவேப்பிலையை நீர் சேர்க்காமல் அப்படியே டப்பாவில் உறையவைத்து, உருகவிடாமல் ஃப்ரீஸரிலிருந்து நேரே தாளிப்பு எண்ணெயில் போடலாம். உறைந்த இலையில் பனித்துகள் ஒட்டியிருந்தால் எண்ணெய் பலமாகத் தெறிக்கும். போட்டதும் வாணலியை ஒரு தட்டால் மூடிவிட வேண்டும்.