முதலில் எந்தச் சோதனையை இயந்திரத்திடம் விடுவது?

செயலியில் புதிதாக ஒரு வசதியைச் சேர்க்கும்போது, நேற்றுவரை ஒழுங்காக ஓடிய வேறொன்று உடைந்துபோவதுண்டு. அதனால் ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்பும் பழைய வசதிகளை எல்லாம் மறுபடி சோதித்துப் பார்க்கிறார்கள். ரிக்ரெஷன் டெஸ்டிங் என்பது இதுதான். பல குழுக்களில் இன்றும் இது கைவேலை. டெஸ்டர் எக்செல் பட்டியலைத் திறந்துவைத்து, வரிவரியாகச் செய்துபார்த்து, ‘பாஸ்’, ‘ஃபெயில்’ என்று குறிக்கிறார். இதில் ஒரு பகுதியை ஆட்டோமேஷனுக்கு மாற்றலாம் என்று முடிவு செய்த குழு, எதில் தொடங்குவது என்ற இடத்தில்தான் பெரும்பாலும் தவறுகிறது.

பேருந்து டிக்கெட் பதிவு செய்யும் ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். பட்டியலில் 240 சோதனைகள். ஒருவர் நாளொன்றுக்கு 20 முடிப்பார் என்றால், 4 டெஸ்டர்களுக்கு 3 நாள் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒரு ரிலீஸ் என்பதால், ஆண்டுக்கு 26 முறை இதே மூன்று நாள்.

இங்கே முதலில் கண்ணில் படுபவை இரண்டு. ஒன்று, மிக முக்கியமான சோதனை: பேருந்தைத் தேடி, இருக்கையைத் தேர்ந்து, பணம் கட்டி, டிக்கெட் குறுஞ்செய்தி வருவது வரையிலான முழுப் பயணம். மற்றது, மிக எளிதான சோதனை: பயனர் தன் பக்கத்தில் படத்தை மாற்றுவது போன்றது. இரண்டுமே முதல் தேர்வாக இருக்கத் தகுந்தவை அல்ல.

முழுப் பயணத்தில் பேமென்ட் கேட்வே இருக்கிறது, ஓடிபி இருக்கிறது, குறுஞ்செய்தி அனுப்பும் வேறொரு நிறுவனத்தின் சேவை இருக்கிறது. இவற்றில் எது தாமதித்தாலும் சோதனை ஃபெயில் ஆகும். ஆனால் நம் செயலியில் குறை இருக்காது. படம் மாற்றும் சோதனையோ, கையால் செய்தால் 5 நிமிடம். ஆண்டு முழுவதற்கும் 2 மணி 10 நிமிடம்தான். அதற்கு ஸ்கிரிப்ட் எழுத 4 மணி நேரம் போனால், முதல் ஆண்டில் நட்டம்தான். அந்தப் பக்கம் இதுவரை உடைந்ததே இல்லை என்றால் அந்த ஸ்கிரிப்டால் பயனும் குறைவு.

ஆகவே பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். கையால் செய்ய ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் போகிறது? கடந்த ஓராண்டின் பக் பட்டியலில் இந்த இடம் எத்தனை முறை வந்திருக்கிறது? சரியா தவறா என்பதை ஓர் எண்ணையோ சொல்லையோ வைத்து இயந்திரமே தீர்மானிக்க முடியுமா? இந்தப் பகுதி அடிக்கடி உருமாறுமா? மாதத்துக்கொருமுறை வடிவம் மாறும் இருக்கை வரைபடம் கடைசி இரண்டு கேள்விகளிலும் தோற்றுவிடும். சின்னத் திரையில் அது ஒழுங்காகத் தெரிகிறதா என்பதை மனிதக் கண்தான் சொல்ல வேண்டும்.

நான்கிலும் தேறுவது, பலரும் கவனிக்காத ஒன்று: டிக்கெட்டை ரத்து செய்தால் எவ்வளவு பணம் திரும்பும் என்ற கணக்கு. புறப்பாட்டுக்கு 24 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் ஒரு பிடித்தம், அதற்குப் பின் கூடுதல் பிடித்தம், கடைசி 4 மணி நேரத்தில் ஒன்றும் கிடையாது என்று விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இத்தகைய கணக்கில் பக் பெரும்பாலும் எல்லைகளில்தான் ஒளிந்திருக்கும். எனவே சரியாக 24 மணி, அதற்கு ஒரு நிமிடம் முன், ஒரு நிமிடம் பின். 4 மணிக்கும் அதேபோல். மொத்தம் 6 நேரங்கள். தனி ஆள், குழுவில் ஒருவர் மட்டும் ரத்து, கூப்பன் போட்டு வாங்கிய டிக்கெட் என 3 வகைகளோடு பெருக்கினால் 18 சோதனைகள். ஒவ்வொன்றுக்கும் டிக்கெட் எடுத்து, தரவுத்தளத்தில் புறப்பாட்டு நேரத்தை மாற்றி, ரத்து செய்து, தொகையைப் பார்க்க 8 நிமிடம். ஆண்டுக்கு ஏறத்தாழ 62 மணி நேரம்.

இதை ஆட்டோமேட் செய்யும்போது, கையால் செய்த படிகளை அப்படியே திரையில் அழுத்தவைக்கக் கூடாது. திரைக்குப் பின்னால் கணக்கைச் செய்யும் ஏபிஐயிடமே நேரடியாகக் கேட்க வேண்டும். பட்டனின் பெயர் மாறினாலும் அந்தச் சோதனை உடையாது. 18-ம் சில நொடிகளில் முடிந்துவிடும். ‘இப்போது மணி என்ன’ என்பதைச் சோதனையே சொல்லும்படி டெவலப்பர் ஒரு வழி வைத்துக் கொடுக்க வேண்டும். சர்வரின் கடிகாரத்தை நம்பினால், ஒரு நிமிட வித்தியாசத்தைச் சோதிக்கும்போது விடை ஆளுக்கொரு பக்கம் போகும். எழுத 16 மணி நேரம், பராமரிக்க ரிலீஸுக்கு அரை மணி நேரம் என்று தாராளமாக வைத்தாலும் முதல் ஆண்டுச் செலவு 29 மணி நேரம்தான். திரையில் தெரியும் தொகை ஏபிஐ தந்ததுதானா என்று பார்க்க ஒரே ஒரு திரைச் சோதனை போதும்.

சரியான தொகை எது என்பதை இப்போது செயலி காட்டும் விடையிலிருந்து எடுக்கக் கூடாது. அந்த விடையே தவறாக இருந்தால், தவறுக்குக் காவல் வைத்ததாகிவிடும். விதியைப் படித்துத் தனியாகக் கணக்குப் போட வேண்டும். அப்போதுதான் ‘சரியாக 24 மணி நேரம் என்பது எந்தப் பக்கம் சேரும்?’ என்ற கேள்வி எழும். அதற்கு டெஸ்டரோ டெவலப்பரோ பதில் சொல்ல முடியாது. விதியை வகுத்தவர்தான் சொல்ல வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்குமுன்பே கிடைக்கும் பயன் இது.

எழுதிய சோதனை உண்மையிலேயே பிடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நிரலின் ஒரு நகலில் `>=` என்றிருப்பதை `>` என்று டெவலப்பர் மாற்றட்டும். சரியாக 24 மணி நேரச் சோதனைகள் சிவப்பாக வேண்டும். அப்போதும் பச்சையாகவே இருந்தால், அவை எதையும் சோதிக்கவில்லை என்று பொருள்.

இதற்கு நேர்மாறான நோய், நிரலில் ஒன்றும் மாறாமலே ஒருமுறை பாஸ், மறுமுறை ஃபெயில் ஆவது. துறையில் இதை ‘ஃபிளேக்கி’ என்பார்கள். தன் சோதனைகளில் ஏறத்தாழ 16 சதவீதத்தில் ஏதோ ஓரளவு இந்தக் குறை இருப்பதாக கூகுளே 2016-இல் சொன்னது. ஒவ்வொரு சோதனையும் நூற்றில் ஒரு முறை இப்படிப் பொய் சொல்கிறது என்று வைத்தால், 100 சோதனைகளைச் சேர்த்து ஓட்டும்போது மூன்றில் ஏறத்தாழ இரண்டு முறை காரணமில்லாமல் சிவப்பு எரியும். சில வாரங்களில் குழு அந்தச் சிவப்பைக் கண்டுகொள்வதையே விட்டுவிடும். உண்மையான பக்கும் அதோடு போய்விடும். முழுப் பயணச் சோதனையைத் தள்ளிப்போடச் சொல்வது இதனால்தான். முதல் தொகுப்பின் மேல் நம்பிக்கை வந்த பிறகு, போலி பேமென்ட் கேட்வேயை வைத்து அதில் ஒன்றை மட்டும் சேர்க்கலாம்.

கடைசியாக, பல குழுக்கள் செய்யாமல் விடும் ஒரு வேலை. இரண்டு ரிலீஸ்களுக்குக் கையாலும் இயந்திரத்தாலும் சோதித்து, முடிவுகள் ஒத்துப்போனால் எக்செல்லிலிருந்து அந்த 18 வரிகளையும் நீக்கிவிட வேண்டும். நீக்காவிட்டால் யாராவது பயத்தில் அவற்றைக் கையாலும் செய்துகொண்டே இருப்பார்கள். நேரம் எதுவும் மிஞ்சாது. நீக்கினால் ஒவ்வொரு ரிலீஸிலும் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கைக்கு வரும். அதில் அரை மணி பராமரிப்புக்குப் போக, மிச்சத்தில் அதே நான்கு கேள்விகளோடு பட்டியலின் அடுத்த வரியைத் தேர்ந்தெடுக்கலாம்.