லோகோவுக்கு முன்னால் ஒரு கடிதம்

மாவட்டத் தலைநகரில் பல ஆண்டுகளாக நடக்கும் மருத்துவமனை ஒன்று, பக்கத்து ஊர்களில் மூன்று சிறிய மருத்துவமனைகளை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்குக்கும் நான்கு பெயர், நான்கு நிறம். எல்லாவற்றையும் ஒரே அடையாளத்துக்குள் கொண்டுவர நிர்வாகம் முடிவு செய்கிறது. பெரிய விளம்பர நிறுவனங்களோடு, ஐந்து பேர் மட்டுமே உள்ள ஒரு டிசைன் ஸ்டுடியோவும் முன்மொழிவுக் கடிதம் அனுப்புகிறது. அதை நிர்வாகம் ஏன் படிக்க வேண்டும்?

நான்கு இடங்களுக்கும் நேரில் போய்வந்தவர்கள் எழுதிய கடிதமாக இருந்தால் படிப்பார்கள். அதன் முதல் பத்தியில் ஸ்டுடியோவின் விருதுகள் இருக்காது. “புறநோயாளிப் பிரிவின் பலகை வாசலிலிருந்து தெரிவதில்லை. வருகிறவர்கள் செக்யூரிட்டியிடம் கேட்டுத்தான் உள்ளே போகிறார்கள். ஒரே அறையைக் கீழ்த்தளப் பலகை ‘கதிரியக்கவியல்’ என்கிறது, மாடிப் பலகை ‘ஸ்கேன்’ என்கிறது. உங்கள் ஆம்புலன்ஸில் செஞ்சிலுவை இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தச் சட்டப்படி அதை அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது.” இப்படித் தொடங்கும் கடிதத்தை எந்த நிர்வாகியும் பாதியில் வைக்க மாட்டார்.

அடுத்தது பெயர். வாங்கிய மருத்துவமனையை ஊர்க்காரர்கள் பழைய டாக்டரின் பெயரில்தான் சொல்வார்கள். அதை ஒரே நாளில் அழித்தால், “டாக்டர் போயிட்டாராம்” என்ற பேச்சு கிளம்பிவிடும். அதனால் குழுமத்தின் பெயரைப் பெரிதாகவும் பழைய பெயரை அதன் கீழேயும் ஓரிரு ஆண்டுகள் வைத்திருக்கலாம் என்று ஸ்டுடியோ எழுதுகிறது. உரிமத்திலும் காப்பீட்டு ஒப்பந்தங்களிலும் உள்ள பதிவுப் பெயரை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்றும் சொல்கிறது. தொட்டால் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தனித்தனியாகக் காகிதம் போக வேண்டும். இந்த யோசனைதான் கடிதத்தின் உயிர் என்பேன்.

சிறிய ஸ்டுடியோக்கள் சறுக்குவது பணத்தில். லோகோ வரையும் கட்டணத்தைவிட, எல்.இ.டி. எழுத்துகள், வழிகாட்டிப் பலகைகள், சீருடை, கோப்பு அட்டை எல்லாம் சேர்ந்து பல மடங்கு ஆகும். டிசைன் கட்டணம் தனி, பலகை செய்பவருக்கான செலவு தனி என்று பிரித்துக் காட்டாவிட்டால் பாதி வேலையில் சண்டை வரும். கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேர்த்தே எழுத வேண்டும். மருத்துவச் சேவைக்கு வரிவிலக்கு இருப்பதால், மற்ற நிறுவனங்களைப் போல அந்த வரியை மருத்துவமனை பெரும்பாலும் திரும்ப எடுக்க முடியாது. அதற்கு அது அசல் செலவு.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரியை நிர்வாகம் தேடிப் பார்க்க வேண்டும். லோகோவின் பதிப்புரிமை யாருக்கு, எத்தனை காலத்துக்கு? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுத்து மூலமாகத்தான் மாற்றித்தர முடியும். காலத்தைக் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுகளுக்கு மட்டுமே என்று கொள்ளப்படும். அந்த வரி இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.