நல்ல வண்டி சந்தையை விட்டுப் போகும் கதை

பழைய பைக் வாங்கப் போகிறவர் மைலேஜைக் கேட்பதற்கு முன்பே "ஏங்க விக்கிறீங்க?" என்று கேட்டுவிடுவார். புது வண்டி எடுத்தாச்சு, வெளியூருக்கு மாற்றலாகிவிட்டது, பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும் என்று விற்பவர் எதைச் சொன்னாலும் கேட்பவர் மனம் முழுதாகச் சமாதானம் ஆவதில்லை. அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஒரு வண்டி விலைக்கு வந்திருக்கிறது என்பதே அந்த வண்டியைப் பற்றிய ஒரு தகவல். நன்றாக ஓடுகிற வண்டியைக் கொடுக்க யாருக்கும் அவசரம் இருக்காது.

வெளியே தெரியாத குறைகள்தான் பைக்கில் அதிகம். டேங்குக்குப் புது பெயின்ட், சீட்டுக்குப் புது கவர் போட்டால் பத்து வருட வண்டியும் பளபளக்கும். உள்ளே பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் எரிந்து சைலன்சரில் நீலப்புகை வரும். கொஞ்சம் கெட்டியான ஆயிலை ஊற்றிவிட்டால் அந்தப் புகையும் இன்ஜின் சத்தமும் சில நாள்களுக்கு அடங்கிவிடும். வால்வு சீல் போன வண்டி, ராத்திரி முழுக்க நின்று காலையில் முதல் தடவை ஸ்டார்ட் ஆகும்போதுதான் குப்பென்று புகை கக்கும், சூடேறிவிட்டால் சாதுவாகிவிடும். வாங்குபவர் வருவதற்குள் வண்டியை ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டால் அந்தச் சாட்சியும் போச்சு. மீட்டரில் 18,000 கிலோமீட்டர் என்று இருக்கும். கால் வைக்கும் ரப்பரும் பிரேக் பெடலும் வழவழவென்று தேய்ந்துபோய் வேறு கணக்குச் சொல்லும். பழகிய கண்ணுக்கு இதெல்லாம் பிடிபடும். முதல் வண்டி வாங்குகிறவருக்குப் பிடிபடாது.

இதை வெறும் ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிட்டால் உண்மையான நஷ்டம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஒருவர்கூட பொய் சொல்லாவிட்டாலும் இந்தச் சந்தை கெடும். எப்படி என்று ஒரு கணக்கில் பார்க்கலாம்.

ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வருடத்து வண்டிகள் ஐந்து. பார்வைக்கு ஐந்தும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றின் உண்மையான நிலை ஓனர்களுக்குத் தெரியும். அதனால் அவர்கள் மனதுக்குள் வைத்திருக்கும் கீழ்விலை 20,000, 30,000, 40,000, 50,000, 60,000 ரூபாய் என்று வேறுபடுகிறது. வாங்க வருபவருக்கு வண்டி அவசரத் தேவை. உள்ளே இருப்பது தெரிந்தால் ஒவ்வொன்றுக்கும் ஓனர் நினைப்பதைவிட 4,000 ரூபாய் கூடவே கொடுப்பார். ஆக, ஐந்து வண்டியும் கைமாறினால் விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம்.

ஆனால் எது எந்த வண்டி என்று அவருக்குத் தெரியாதே. அவர் சராசரிதான் போட முடியும். 24,000-த்தில் தொடங்கி 64,000 வரை மதிப்புள்ள ஐந்து வண்டிகளின் சராசரி 44,000. அந்த விலைக்கு 50,000, 60,000 எதிர்பார்க்கிற இரண்டு பேரும் கொடுக்க மாட்டார்கள்; வண்டியை வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். மிச்சம் மூன்று. இப்போது சராசரி 34,000. 40,000 கேட்டவரும் விலகுகிறார். மிச்சம் இரண்டு, சராசரி 29,000. 30,000 கேட்டவருக்கு ஆயிரம் ரூபாய் குறைகிறது, அவரும் கிளம்பிவிடுகிறார். கடைசியில் நிற்பது இருப்பதிலேயே மோசமான வண்டி ஒன்று. அது 24,000-த்துக்குள் ஏதோ ஒரு விலைக்குப் போகும்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அப்படியும் நான்கு வியாபாரங்கள் நடக்காமல் போயின. அவற்றிலிருந்து இரு தரப்புக்குமாகச் சேர்த்துக் கிடைத்திருக்க வேண்டிய 16,000 ரூபாய் யார் பையிலும் போகவில்லை. இதைத்தான் பொருளாதாரத்தில் பாதகத் தேர்வு என்கிறார்கள். வாங்குபவர் தன்னைக் காத்துக்கொள்ள விலையைக் குறைக்கிறார். அந்தக் குறைந்த விலையே நல்ல வண்டிகளை வடிகட்டி வெளியே தள்ளி, மோசமானவற்றைத் தேர்ந்தெடுத்து அவர் முன் நிறுத்துகிறது. அடித்துப் பேசி விலை குறைத்துவிட்டோம் என்று நிம்மதி அடைகிற இடத்தில், எதிரே நிற்கிற வண்டியின் தரமும் சேர்ந்தே குறைந்திருக்கிறது.

எனக்கு இதில் மிகவும் வலிப்பது, நேரத்துக்கு ஆயில் மாற்றி, செயினுக்கு லூப் போட்டு, வண்டியைப் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டவர் படுகிற நஷ்டம். அவருடைய அக்கறைக்கு இந்தச் சந்தையில் விலை கிடையாது. அதனால்தான் அப்படிப்பட்ட வண்டிகள் புரோக்கர் கைக்கே வராமல் மச்சானுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஆபீஸ் நண்பருக்கும் போய்விடுகின்றன. அவர்களுக்கு அந்த வண்டி எப்படி ஓடியது என்று நேரில் தெரியும்.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார்களை உதாரணமாக வைத்து இதை 1970-ல் வெளியான ஒரு கட்டுரையில் எழுதினார். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகு நான்காவது இதழில்தான் அந்தக் கட்டுரை வெளிவந்தது. 2001-ல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது பேசப்பட்டதும் அந்தக் கட்டுரைதான். அறுபதுகளின் பிற்பகுதியில் அவர் ஓராண்டு இந்தியாவில் தங்கியிருந்தவர். கடையில் வாங்கிய அரிசியில் வேண்டுமென்றே கலக்கப்பட்ட கற்களைப் பொறுக்கும் இந்தியப் பெண்களும் அந்தக் கட்டுரையில் வருகிறார்கள்.

சந்தை எப்போதும் கடைசி வண்டி வரை சரிந்துவிடும் என்பதில்லை. மேலே போட்ட கணக்கில் வாங்குபவர் ஓனரைவிட 12,000 ரூபாய் அதிகம் கொடுக்கத் தயாராக இருந்தால் என்ன ஆகும்? முதல் சராசரி 52,000. 60,000 கேட்டவர் மட்டும் விலகுவார். அடுத்த சராசரி 47,000. 50,000 கேட்டவர் விலகுவார். அதற்கடுத்து 42,000. இப்போது 40,000 கேட்டவருக்கே கட்டுப்படியாகிறது. அங்கே சரிவு நின்றுவிடும். மூன்று வண்டிகள் விற்கும். வாங்குபவரின் தேவையும் விற்பவரின் கட்டாயமும் கூடக் கூட நல்ல வண்டிகள் சந்தையில் தங்கும். வெளிநாடு கிளம்புகிறவர் நல்ல வண்டியானாலும் கிடைத்த விலைக்கு விற்றாக வேண்டும். "ஏங்க விக்கிறீங்க?" என்ற கேள்வி தேடுவது இந்த மாதிரி ஆளைத்தான். வண்டியின் குறை விற்பதற்குக் காரணமாக இல்லாத ஆள். குறையுள்ள வண்டிக்காரரும் அதே காரணத்தைச் சொல்லலாம் என்பதால், விசாவையோ மாற்றல் உத்தரவையோ பார்க்கக் கேட்பதில் தவறில்லை.

நல்ல வண்டிக்காரர் தன் வண்டி நல்லது என்று எப்படி நிரூபிப்பது? வாயால் சொல்வதை எல்லோரும் சொல்லலாம். மோசமான வண்டிக்காரருக்குக் கட்டுப்படியாகாத ஒன்றைச் செய்ய வேண்டும். ஒரு கடைக்காரர் இன்ஜினுக்கு ஆறு மாத வாரன்டி தருகிறார் என்று வையுங்கள். நல்ல வண்டிக்கு அந்த ஆறு மாதத்தில் 500 ரூபாய் செலவு வரலாம், ரிங் தேய்ந்த வண்டிக்கு 8,000 வரலாம். வாரன்டிக்காக வாங்குபவர் 5,000 கூடக் கொடுத்தால், நல்ல வண்டிக்கு வாரன்டி தருவது லாபம், மோசமானதற்குத் தருவது நஷ்டம். அதனால் எழுதிக் கொடுத்த வாரன்டிக்கு மதிப்பு உண்டு. "எதுனா ஆனா எடுத்துட்டு வாங்க, பாத்துக்கலாம்" என்ற வாய்வார்த்தை அப்படியல்ல. அது யாருக்கும் செலவில்லாதது.

தனி ஆள் விற்கும்போது வாரன்டியைப் பின்னால் கேட்டு வாங்குவது கடினம். அங்கே மெக்கானிக் உதவுவார், ஆனால் அவரை வாங்குபவரே அழைத்துவர வேண்டும், கூலியையும் வாங்குபவரே கொடுக்க வேண்டும். புரோக்கரிடம் கமிஷன் வாங்குகிற மெக்கானிக்கின் சொல், வண்டி நல்லதோ கெட்டதோ, ஒரே மாதிரிதான் இருக்கும். நல்ல வண்டி வைத்திருப்பவர் இதற்கு ஒரு படி முன்னே போகலாம்: "காலையில ஆறு மணிக்கு உங்க மெக்கானிக்கோட வாங்க, நான் வண்டியத் தொட மாட்டேன், நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்று விலை பேசுவதற்கு முன்பே சொல்லிவிடலாம். வால்வு சீல் போன வண்டியின் ஓனரால் இந்த அழைப்பைத் துணிந்து கொடுக்க முடியாது. கொடுப்பவர் கேட்கிற இரண்டாயிரம் மூன்றாயிரம் அதிகத்தை, இன்ஜின் மேல் கைவைத்து அது ஜில்லென்று இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகு, தாராளமாகக் கொடுக்கலாம்.