காவிரியைத் தாண்டிப் போகும் விளம்பரக் காசு

ஸ்ரீரங்கத்தில் ஓர் இனிப்புக் கடை என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கிறது. கடைக்காரர் கூகுள் விளம்பரத்துக்குத் தினம் 500 ரூபாய் ஒதுக்கி, கடையை நடுவாக வைத்து 5 கிலோமீட்டருக்கு வட்டம் போடுகிறார். அதற்குள் இருந்து ‘தீபாவளி ஸ்வீட்’ என்று தேடுபவர்களுக்கு அவர் கடை தெரியும்.

ஆனால் வட்டத்துக்கு ஆறு தெரியாது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் இருப்பவர், பண்டிகை நெரிசலில் பாலம் கடந்து அரைக் கிலோ மைசூர்பாகுக்காக வரமாட்டார். அவர் விளம்பரத்தைத் தட்டினாலும் காசு போகும். ஒரே பெரிய வட்டத்துக்குப் பதிலாக ஸ்ரீரங்கத்துக்கு ஒன்று, திருவானைக்காவலுக்கு ஒன்று என 2 கிலோமீட்டரில் இரண்டு சின்ன வட்டங்கள் போடலாம். அவையும் கரையைக் கொஞ்சம் தாண்டும்தான், நஷ்டம் குறைவு.

பலர் கவனிக்காத இன்னொரு ஓட்டை உண்டு. இட அமைப்பில் கூகுள் தானாகவே வைத்திருக்கும் தேர்வு Presence or interest. அதாவது, அந்த ஊரில் இருப்பவர்கள் மட்டுமல்ல, அந்த ஊரைப் பற்றித் தேடுகிறவர்களும் கணக்கில் வருவார்கள். பெங்களூருவில் உட்கார்ந்து ‘ஸ்ரீரங்கம் ஸ்வீட் கடை’ என்று தேடுபவருக்கும் விளம்பரம் போகும். கூரியரில் அனுப்பும் கடைக்கு அது நல்லதே. கவுன்டர் வியாபாரம் மட்டும் என்றால் Presence என்று மாற்றிவிட வேண்டும். ‘அதிரசம் செய்வது எப்படி’ என்று தேடுபவர் வாங்க வந்தவர் அல்ல. ‘செய்வது எப்படி’, ‘செய்முறை’ ஆகியவற்றை விலக்கு வார்த்தைகளாகச் சேர்த்துவிடலாம்.

அடுத்தது அழைப்புப் பொத்தான். விளம்பரத்தோடு கடை எண்ணைச் சேர்த்தால், செல்போனில் ஒரே தட்டில் அழைப்பு வரும். பண்டிகைக் காலத்தில் இதுதான் முக்கியம் என்பேன். ஐம்பது பேருக்கு அரைக் கிலோ பெட்டி வேண்டும் என்கிற அலுவலகக்காரர் வந்து நின்று விலை கேட்பதில்லை, போனில்தான் கேட்பார். ஆனால் அந்தத் தட்டுக்கும் ஒரு கிளிக்குக்கான கட்டணம் உண்டு. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் காசு போனது போனதுதான். கல்லாவில் கூட்டம் அலைமோதும் மாலை ஆறு மணிக்கு யார் போன் எடுப்பார்கள்? அதனால் எண் தெரியும் நேரத்தைக் காலை 10 முதல் மாலை 5 வரை என்று வைத்து, பேச ஒருவரைத் தனியாக உட்கார வைக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை, அறிக்கையில் உள்ள அழைப்புக் கிளிக்குகளையும் போனில் பதிவான அழைப்புகளையும் ஒத்துப் பார்க்கலாம். 40 கிளிக்குக்கு 25 அழைப்புதான் பதிவாகியிருந்தால், மணி அடிக்கும் முன்பே பலர் துண்டித்திருக்கிறார்கள். 40-ம் பதிவாகி, அதில் பாதி தவறிய அழைப்பு என்றால் கோளாறு கடைக்குள்ளேயே இருக்கிறது.

தினம் 500 என்று போட்டாலும் தேடல் கூடிய நாளில் கூகுள் 1,000 வரை எடுக்கும், மாதக் கணக்கில் சரிசெய்துகொள்ளும். பண்டிகைக்கு முந்தைய இரண்டு நாளில் கடையே நிரம்பி வழியும், புதிய ஆர்டர் எடுக்கவும் முடியாது. அப்போது விளம்பரத்தை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தை முந்தைய வாரத்து முன்பதிவுக்குச் செலவழிப்பதே சரி.