பல் பிடுங்கிய அன்றே பல் செட்

என் அப்பாயிக்கு மேல்வாய்ப் பற்களை எடுத்தபோது, "ஈறு நல்லா ஆறட்டும், அப்புறம் அளவெடுக்கலாம்" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். நாலைந்து மாதம் குழைந்த சோறும் ரசமும்தான். யாராவது வீட்டுக்கு வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசுவார்.

அம்மாவுக்கு அந்த நிலை வரவில்லை. முதலில் கடைவாய்ப் பற்களை மட்டும் எடுத்து, இரண்டு மாதம் ஆறவிட்டார்கள். முன்பற்கள் ஆறும் வாயில் இருக்கும்போதே அளவெடுத்தார்கள். அந்த அளவில் வார்த்த மாவுக்கல் அச்சில் முன்பற்களைச் செதுக்கி நீக்கி, பல் போனபின் ஈறு எப்படி இருக்கும் என்று கணித்துச் செட்டைச் செய்தார்கள். ஆறு பற்களையும் பிடுங்கிய அன்றே செட்டை மாட்டி, "இருபத்துநாலு மணி நேரம் கழட்டவே கூடாதும்மா" என்றார் டாக்டர். கழற்றினால் ஈறு வீங்கி, திரும்ப மாட்ட முடியாமல் போகும். மறுநாள் அவரே கழற்றிப் பார்த்து, ஈற்றில் சிவந்திருந்த இடத்துக்கு நேராகச் செட்டைத் தேய்த்துக் கொடுத்தார்.

முதல் மாதம் செட் கச்சிதமாக இருந்தது. ஆறாவது வாரம், சிரித்தால் மேல் செட் இறங்கியது. பேசினால் டக் டக்கென்று சத்தம். சாப்பிட்டபின் கழற்றினால் உள்ளே தேங்காய்த் துருவல். செட் கெட்டுவிட்டது என்று அம்மா பயந்தார். மாறியது செட் அல்ல, ஈறு. பல் இருந்த குழி எலும்பால் நிரம்பும்போதே அதன் விளிம்புகள் கரைந்து, ஈற்றின் மேடு ஒடுங்கும். முதல் மூன்று மாதங்களில்தான் இது வேகமாக நடக்கும். ஈறு விலகிய இடத்தில் செட்டுக்குப் பிடிமானம் இல்லை.

அப்போதைக்குச் செட்டின் உட்புறம் மெத்தென்ற பூச்சு வைத்தார்கள். அது சில வாரங்களில் இறுகிவிடும் என்பதால், ஒருமுறை மாற்றினார்கள். ஆறு மாதம் ஆனதும் நிலையான ரீலைன். செட்டுக்குள்ளேயே ஈற்றின் புது அளவை எடுத்து, லேபில் அந்த இடைவெளியை அக்ரிலிக்கால் நிரப்பினார்கள். காலையில் கொடுத்து மாலையில் வாங்கினோம். அந்த ஒரு பகல் மட்டும் அம்மா பல்லில்லாமல் இருந்தார்.

பிடிமானத்துக்குப் பசைப் பொடி போட்டே காலத்தை ஓட்டுபவர்கள் உண்டு. தளர்ந்த செட் உரசிக்கொண்டே இருந்தால் ஈறு புண்ணாகும், தடித்து மடியும். கீழ்த்தாடை மேல்தாடையைவிட அதிகம் கரைவதால், கீழ் செட்டை இன்னும் கவனிக்க வேண்டும். ஆனால் ரீலைன் உட்புறத்தைத்தான் சரிசெய்யும். பற்கள் தேய்ந்து வாயின் உயரம் குறைந்திருந்தால் புது செட்தான் வழி.

ஈறு ஆற எடுக்கும் மாதங்கள் அப்பாயிக்கும் அம்மாவுக்கும் ஒன்றுதான். அப்பாயி அதைப் பல்லில்லாமல் கடந்தார். அம்மா பல்லோடு கடந்தார், ஆனால் செட்டைத் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டு. செட் வாங்கும் அன்றே ரீலைனுக்கும் தேதி குறித்துக்கொள்ளுங்கள்.